முகூர்த்த நாளில் எடுத்த அளவு

கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விழுப்புரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். கணக்குப் பார்க்கத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பார்த்துச் சொல்வதைக் கேட்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் எங்கள் மென்பொருள் ஓடுகிறது. மூட்டையை எடை போட்டுப் பட்டனைத் தட்டினால் ரசீது வர வேண்டும். காலை நெரிசலில் ஒவ்வொரு மூட்டைக்கும் அதற்கு மூன்று நொடிக்கு மேல் ஆனது. வரிசை தெருவுக்கு வந்தது. இந்த சீசனுக்குள் சரியாகாவிட்டால் பழையபடி கையாலேயே எழுதிக்கொள்வேன் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆபீஸ் பெண் இரண்டு வாரம் உட்கார்ந்து, பழைய பதிவுகளைத் தேடும் முறையை மாற்றினாள். முதலாளி காலண்டரைப் பார்த்து ஒரு முகூர்த்த நாளில் அதைப் போடச் சொன்னார். அன்று சாயங்காலமே திரையில் ரசீது நேரத்தின் வரைபடத்தைக் காட்டினார்.

"கோடு எப்படி இறங்கிக்கினு போவுது, பாத்தீங்களா சார்?"

"ஊரே கல்யாணத்துல சாப்டுக்கினு இருந்துது. மண்டிக்கு மூட்டை எத்தினி வந்துது?"

வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றாள் அந்தப் பெண். கூட்டமே இல்லாத நாளை நெரிசல் நாளோடு ஒப்பிடுவதா? நான் கத்தினேன். என் இரத்த அழுத்தம் அவர்களுக்கு எங்கே புரியும்.

ஒரு மாதம் நெரிசல் நாட்களை மட்டும் எடுத்தோம். மாற்றம் இருக்கும் நாள் எது, இல்லாத நாள் எது என்று முன்கூட்டியே சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தோம். முதலாளி மறுபடியும் வரைபடத்தைத்தான் பார்த்தார். மாற்றம் இருந்த நாட்களில் கோடு இரண்டு இடத்தில் கோபுரம்போல் உயர்ந்து நின்றது.

"பேஜாரா போச்சு. எடுத்துடும்மா."

முகூர்த்த நாளில் அவரை ஏமாற்றிய அதே கண்தான் இப்போதும் பேசியது. மாற்றத்தை எடுக்க அந்தப் பெண் மௌஸைப் பிடித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரசீது நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுக்கச் சொன்னேன். அந்த நடுமதிப்பை நாலு பெரிய எண்கள் அசைக்க முடியாது. மாற்றம் இருந்த நாட்களில் அது ஏறக்குறைய ஒரு நொடி குறைந்திருந்தது. அதையும் நான் அப்படியே நம்பவில்லை. நாட்களை முழு நாளாகவே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணினியில் கணக்கிட்டோம். தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை வரம்பில் குறைவு அரை நொடியிலிருந்து ஒன்றேகால் நொடி வரை வந்தது. பூஜ்யம் அதற்குள் இல்லை; குறைவு தற்செயலாக வந்ததாக இருக்காது.

கோபுரங்கள்? இரண்டு முறையும் மண்டியில் கரண்ட் போயிருந்தது. நடுமதிப்பு அதைக் காட்டாது என்பதால் அதையும் மண்டிக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன்.

முதலாளி மண்டிக்காரருக்குப் போன் போட்டு, வேகம் இரண்டு மடங்கு என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"கூட்டத்துல ரசீதுக்கு அரை நொடியாவது மிச்சமாவுங்கண்ணா. கரண்ட் போனா நிக்கும், அத நாங்க இன்னும் சரி பண்ணல."

சீசன் முடியும்வரை இருக்கட்டும், யுபிஎஸ் நான் வாங்கிப் போடுகிறேன் என்றார் மண்டிக்காரர். அவள் போனை வைப்பதற்குள் முதலாளி காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார், அடுத்த மாற்றத்துக்கு நல்ல நாள் தேடி.