எல்லா நிழலும் ஒரே பக்கம்

படத்தில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சிட்னியின் பரமட்டாவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அலுவலகம். இன்னும் கட்டாத வீடுகளையும் அடுக்குமாடிகளையும் கணினியில் கட்டி, புகைப்படம் போலவே தோன்றும் படங்களாக்கித் தருகிறோம். முடிந்த படத்தை ரெண்டர் என்போம். அது வெளியே போகுமுன் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். ஆபீஸில் என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள் இருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால் அது எனக்குப் பிடித்திருந்தது.

தேடுவதற்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருந்தேன். நானே எழுதியது. முதலில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். புல்தரையில் ஒரே பழுப்புத் திட்டு நாலு இடத்தில் இருந்தால், சிறிய புல் படம் ஒன்றையே ஓடு பதிப்பதுபோலத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செங்கல் சுவரில் ஒரே கறை வரிசையாக வருவதும் அதே கதைதான். பிறகு தரையைத் தொடும் பொருள்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நாற்காலிக் கால் தரையில் படுகிற இடத்தில் மெல்லிய கருநிழல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி மிதக்கும். அளவுக்குக் கதவுதான் சாட்சி. இங்கே உள்கதவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கிற ஆளும் குளிர்சாதனப் பெட்டியும் பொருந்தாவிட்டால், அறையைப் பெரிதாகக் காட்ட யாரோ சாமான்களைச் சுருக்கியிருக்கிறார்கள். கடைசியாக நிழல். மரத்தின் நிழல் ஒரு பக்கமும் காரின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்தால் வானத்தில் இரண்டு சூரியன். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழுகிறதா என்று பார்த்து ஒரு டிக் போடுவேன்.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு ஸ்டுடியோ செய்து அனுப்பிய ரெண்டர் வந்திருந்தது. வேலை அதிகமானால் எங்கள் அலுவலகம் அவர்களிடம் கொடுக்கும். நான் சிட்னிக்கு வருமுன் அப்படியொரு ஸ்டுடியோவில்தான் இருந்தேன். செங்கல்லில் திரும்ப வரும் கறையைப் பிடித்தேன், மிதக்கிற பூந்தொட்டியைப் பிடித்தேன். நிழலுக்கு டிக் போட்டேன். பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்ற என் மேலாளர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டடத்தின் வடக்கு முகம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டார். இவர்களுக்கு இதே வழக்கம், சூரியனைத் தெற்கே வைத்துவிடுகிறார்கள் என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். டிக் போட்டது நான்தான் என்பதை அவர் கவனிக்குமுன் அதை அழித்துவிட்டு, சென்னைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்குப் பக்கம்தான் நடக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அனுப்புமுன் உலக வரைபடத்தை ஒருமுறை பாருங்கள் என்று. தமிழில் எழுதினால் உறைக்காதென்று ஆங்கிலத்தில் எழுதினேன். அனுப்பிவிட்டு டீ போடப் போனேன். கெட்டில் கொதிப்பதற்குள் கெல்லிவில் என்ற புறநகரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீடு நினைவுக்கு வந்தது.

அந்த வீடு என் தோழியுடையது. அவளும் அவள் கணவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. வெளியே காரில் காத்திருந்த நேரத்தில் வளர்ந்த சிநேகம். அவர்கள் வேறொருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஈரம் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடித்த இடம். குளிர்காலம் முழுக்க மகனுக்கு இழுப்பு. மனை வாங்கியபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு சமைக்கப் பெரிய குசினி வேண்டாம் அக்கா, மாடி வேண்டாம். பிள்ளை இருந்து படிக்கிற ஹாலுக்குள்ள வெயில் வர வேணும். அவ்வளவுதான்."

கிழக்குப் பார்த்த மனை. வீடு கட்டும் கம்பெனி ஒரு வரைபடம் கொடுத்திருந்தது. உள்ளே நுழைந்தால் வலது பக்கம் ஹால், அதை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சின்ன முற்றம், இடது பக்கம் கார் நிறுத்தும் கராஜும் படுக்கையறைகளும். வேண்டுமானால் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே இடம் வலமாக மாற்றியும் கட்டித் தருவார்களாம். எது நல்லதென்று தெரியாமல் தவித்தார்கள். நான் இருக்கும்போது என்ன கவலை, இரண்டையும் படமாகப் போட்டுத் தருகிறேன், எதில் வெயில் வருகிறதோ அதை எடுங்கள் என்றேன்.

ஆபீஸுக்குள்ளேயே செய்யும் வேலைகளில் கட்டடக் கலைஞர்கள் அனுப்பும் கணினி மாதிரியிலேயே இடமும் திசையும் குறித்திருக்கும், சூரியன் தானாகச் சரியாக நிற்கும். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. தோழியின் வீட்டை என் வீட்டிலிருந்தபடி கணினியில் நானே கட்டினேன். வெளிச்சத்துக்கு ஒரு வானப் படத்தை மேலே கவிழ்த்து, கையால் சுற்றி, பார்க்க அழகாக இருந்த இடத்தில் நிறுத்தினேன். தை மாதத்தில் தெற்கே சாய்ந்த வெயிலில் வளர்ந்தவளுக்கு எந்த இடம் அழகாக இருக்கும்? சூரியனைத் தெற்கே நிறுத்தினேன். இரண்டு படத்துக்கும் அதே சூரியன். ஹால் வலது பக்கம், அதாவது வடக்கே இருந்த படம் மங்கலாக இருந்தது. மாற்றிப் போட்ட படத்தில் ஹால் பொன்னாக ஜொலித்தது. என் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். புல்லில் ஒரே திட்டு திரும்ப வரவில்லை, சோபா மிதக்கவில்லை, கதவளவு சரி. எல்லா நிழலும் ஒரே பக்கம். அவர்கள் அந்தப் பொன் படத்தையே தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நிழல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கேட்ட என் பட்டியல், ஊரோடு ஒத்துப்போகின்றனவா என்று கேட்கவே இல்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு அந்த வீட்டின் படங்களைத் திறந்து பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். சென்னைப் பையன்கள் உடைத்ததற்கு நான் எழுதிய மின்னஞ்சல் 'அனுப்பியவை' பெட்டியில் இன்னும் சூடாக இருந்தது. திருப்பி எடுக்க வழியில்லை. தோழியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீடு எந்த அளவில் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மரச்சட்டம் எல்லாம் நட்டாச்சு அக்கா. நாங்கள் இப்ப அங்கதான் போறம். நீங்களும் வாங்கோவன், உங்களுக்குக் காட்ட வேணும்."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழி முழுக்க, அடித்தளம் போட்டுச் சட்டமும் நின்ற பிறகு எதையும் இடம் வலமாக மாற்ற முடியாது என்று தெரிந்தும், ஏதாவது வழியிருக்கும் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு போனேன்.

ஜூலை மாதப் பிற்பகல், இங்கே குளிர்காலம். கான்கிரீட் தரைமேல் வெறும் மரச்சட்டங்கள் நின்றன. சுவரில்லை, கூரையில்லை. தோழியும் கணவரும் ஹால் வரப்போகிற இடத்தின் நடுவில் நின்றார்கள். அவர்கள் காலடியில் தரை முழுக்க வெயில், சட்டங்களின் நிழல் கோடு கோடாக. அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"பாத்தீங்களா அக்கா, நீங்க படத்தில போட்ட மாதிரியே வெயில்."

அவர் காலணியைக் கழற்றிவிட்டு அந்த வெயிலில் நின்றிருந்தார். மகனின் மேஜை வரப்போகிற இடத்தைக் கையால் அளந்து காட்டினார். நான் வடக்குப் பக்கம் பார்த்தேன். கராஜின் சட்டம், படுக்கையறைகளின் சட்டம். அவற்றின் இடைவெளிகள் வழியாகத்தான் அத்தனை வெயிலும் வந்துகொண்டிருந்தது. அங்கே செங்கல் ஏறி, மேலே கூரை போட்டதும் முடிந்தது. ஹாலின் பெரிய கண்ணாடிக் கதவுகள் தெற்கு வேலியைப் பார்த்துக்கொண்டு குளிர்காலம் பூராவும் நிழலில் கிடக்கும்.

சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. சொன்னேன். சூரியனை எங்கே வைத்தேன், எங்கே வைத்திருக்க வேண்டும், இந்த வெயில் ஏன் இப்போது மட்டும் இருக்கிறது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தப்பு என்னோடதுதான். நான்தான் சரியா பார்க்கல," என்றேன்.

என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப கூரையில ஒரு கண்ணாடி வைக்கலாமோ?" என்று அவள் கணவர் கேட்டார்.

வைக்கலாம், தலைக்கு மேல் வெளிச்சம் வரும், ஆனால் கதவு வழியாகத் தரையில் விழுகிற வெயில் வராது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் கையெழுத்துக்கு முன்னால் எதுவுமே சொல்லவில்லையா என்று கேட்டேன். பழியில் கொஞ்சத்தையாவது வேறொருவர் தலையில் வைக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பெனியில வீடு விக்கிற பெடியன் சொன்னவன் அக்கா. ஹால் வடக்கால இருந்தாத்தான் வெயில் வரும், மாத்தாதேங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னவன். நாங்கள்தான் உங்கட படத்தைக் காட்டினனாங்கள். எங்கட அக்காக்கு இதுதான் வேலை, அவ பிழை விட மாட்டா எண்டு சொன்னனாங்கள்."

அவள் குரலில் கோபமே இல்லை. பையிலிருந்து தெர்மாஸை எடுத்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி முதலில் எனக்கு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.