சனிக்கிழமையைக் கொண்டுபோன அறை

எனக்குச் சக்களத்தி இருந்தாள் என்றால் அது ஓர் அறைதான். எங்கள் ஊர் டுரியான் துங்காலில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகள் போட்டு வைத்திருந்த சின்ன அறை. ஜன்னல் ஒன்று, காற்றாடி ஒன்று. தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் என் வீட்டுக்காரர், ஆபீஸில் கழித்துப்போட்ட ஐந்து லேப்டாப்பைக் கேட்டு வாங்கி அங்கே வைத்தார். சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடிங் வகுப்பு. கட்டணம் கிடையாது. ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளும் இலவசம். அங்கே லைன் சரியாக வராது என்பதால், இன்டர்நெட் இல்லாமலே ஓடும்படி எல்லா லேப்டாப்பிலும் ஏற்றி வைத்திருந்தார்.

நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அவர் பொறுமையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் நின்று கேட்டேன். ஒரு பையன் பொம்மையை நடக்கவிட, அது தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. "தப்பு வந்தா நல்லதுதான்யா, எங்கேன்னு தேடுவோம்," என்று குழைகிறார். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போனில் ஏதாவது தெரியாமல் கேட்டால், "எத்தனை தடவை சொல்றது?" ஊரார் பிள்ளைக்குத் தேன், பெண்டாட்டிக்குக் கடுக்காய்.

அதனால் வகுப்பு நடக்கும்போது போன் அடிப்பேன். சாப்பிட்டாச்சா, தக்காளி வாங்கணும், எப்ப வர்றீங்க. ஒரு வேலையும் இருக்காது. பிள்ளைகள் முன்னால் என் பெயர் திரையில் வரட்டும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு கேட்டார்கள். எஸ்டேட் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நேரத்துக்கு வேன் கிடைக்காதாம், ஞாயிறென்றால் கிடைக்குமாம். "பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள். கிளேபாங் பக்கம் போய் ஏதாவது வாங்கித் தின்று, கடலைப் பார்த்துவிட்டு வருவோம். "அதையும் குடுத்துட்டு அந்த ரூம்லயே படுத்துக்குங்க," என்றேன். பிள்ளைகள் செய்ததைக் காட்டும் நாளன்று பெற்றோரிடம் முடிவு சொல்வதாக இருந்தார்.

அன்றைக்கு நானும் அரிசிச் சேமியா மீகூன் பிரட்டி எடுத்துக்கொண்டு போனேன். முடிவை என் காதால் கேட்க வேண்டாமா?

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை இழுத்து உட்கார வைத்தாள். "ஆன்ட்டி, என் கேம் விளையாடுங்க லா!" திரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பொம்மை. மேலிருந்து போன் போனாக விழுகிறது.

"இது யாரும்மா?"

"சார். போன் மேல படாம அவரை நகர்த்தணும். பட்டுச்சுன்னா கிளாஸ் ஹபிஸ், முடிஞ்சுச்சு, சார் வீட்டுக்குப் போயிடுவாரு."

"யார் போன்?"

"உங்க போன்தான், ஆன்ட்டி."

அறையே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. விளையாட்டில் நான்தான் அரக்கி. சரி, அரக்கியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று, வேண்டுமென்றே சாரைப் போனுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். பட்டது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று பட்டது. சார் அசையவே இல்லை.

"பார்த்தியா," என்றேன், "உன் சார் அசல் மாதிரியே இருக்காரு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் உறைக்காது." சிரிப்பதற்காகச் சொன்னேன். குரல் உடைந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை.

அவர் வந்து என் பின்னால் நின்றார். அந்தப் பெண்ணிடம், "போன் பட்டுச்சான்னு கேம் எப்பப் பார்க்குது?" என்று கேட்டார். அவள் திரையில் வண்ணக் கட்டைகளாக அடுக்கியிருந்த கட்டளைகளை உற்றுப் பார்த்தாள். "அலாமா! சார், லூப்புக்கு வெளியே வச்சிட்டேன். கேம் ஆரம்பிக்கப் பச்சைக் கொடி அமுக்கினதும் ஒரு வாட்டிதான் பார்க்குது. அப்புறம் பார்க்கவே இல்லை."

"உள்ளே போடு. எப்பவும் பார்க்கணும்."

அவள் அந்தக் கட்டையை இழுத்து, லூப் என்கிற, திரும்பத் திரும்பச் செய்யும் கட்டையின் வாய்க்குள் வைத்தாள். அவர் குனிந்து, தானே பச்சைக் கொடியை அழுத்தி, பொம்மையை முதல் போனிலேயே கொண்டுபோய் மோதவிட்டார். பின்னணி மாறி ஒரு வீடு வந்தது. எல்லாம் நின்றது. பிள்ளைகள் "ஐயோ சார், தோத்துட்டீங்க!" என்று கத்தினார்கள்.

அவர் நிமிர்ந்து பெற்றோர்களைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை முடியாதுங்க. வேன் கிடைக்கிற மாதிரி சனிக்கிழமை நேரத்தை வேணும்னா மாத்திக்கலாம்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே கிளேபாங் போனோம். கடலைப் பார்த்தபடி நடந்தோம், என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் தப்பை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாள் என்று, வீடு திரும்பும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார்.