காலையில் ஒரு செய்தி, மாலையில் ஒரு செய்தி

கலையரசியின் கைபேசி ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்தும் என்பதை அவளை விட அவள் கணவன் முருகையனிடம் கேட்பதுதான் சரி.

"சோத்துல கை வெச்சா கத்துது, தலைக்கு தண்ணி ஊத்துனா கத்துது. நீ பால் கம்பெனியில வேலை பாக்கிறியா, ஃபயர் சர்வீஸ்ல பாக்கிறியா?"

கலையரசி சிரித்துக்கொள்வாள். விழுப்புரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, திண்டிவனத்துக்கு வாக்கப்பட்டு, அங்கேயே ஒரு தனியார் பால் நிறுவனத்தில் சேர்ந்தவள். சுற்றுப்பட்ட ஊர்களில் அந்த நிறுவனம் வைத்திருக்கும் குளிரூட்டும் தொட்டிகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஊர்க்காரர்கள் காலையிலும் மாலையிலும் கறந்து கொண்டுவந்து ஊற்றும் பாலை, டேங்கர் வரும்வரை கெடாமல் குளிரில் வைத்திருக்கும் தொட்டிகள். ஸ்கூட்டரின் முன்கூடையில் ஸ்பானரும் தெர்மாமீட்டரும் ஒரு பொட்டலம் மல்லாட்டை என்னும் வறுத்த வேர்க்கடலையும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

தொட்டிகளில் பொருத்திய கருவிகள்தாம் கத்துவதெல்லாம். கரண்ட் போனால் ஒரு செய்தி, வந்தால் ஒரு செய்தி. கறந்த சூட்டோடு பால் உள்ளே விழுந்தால் சூடு ஏறிவிட்டது என்று ஒரு செய்தி, ஆறினால் இன்னொன்று. மூடியைத் திறந்தாலும் வரும். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒன்று, கலையரசிக்கு ஒன்று. நல்ல நாளிலேயே இப்படி என்றால் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ஓமந்தூரைத் தாண்டி இருந்த ஒரு சிற்றூரில் தொட்டியைக் கவனித்துவந்தவன் வேணு. கைபேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி, வீட்டில் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்கே வருவான். ஒருநாள், குளிர் எல்லாப் பக்கமும் பரவப் பாலைக் கலக்கிவிடும் மோட்டார் நின்றுபோனது. அதற்கும் செய்தி வந்தது; மற்ற செய்திகளுக்கு அடியில் கிடந்தது. வேணு பார்க்கவில்லை. கலையரசியும்தான் பார்க்கவில்லை. தொட்டி நிறையப் பால் திரிந்துபோய், வாய்க்கால் ஓரத்தில் குழி வெட்டிக் கொட்டினார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் வெள்ளையம்மாள் வெறும் தூக்குவாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கலை, இம்மாம் பெரிய மிஷினு, வாயத் தொறந்து சொல்லலியா?"

"சொல்லிச்சுக்கா. நாங்கதான் கேக்கல."

திண்டிவனம் அலுவலகத்தில் மேலாளர் சீனுவாசன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா அந்த ஊர் தொட்டியத் தூக்கிடச் சொல்லிட்டாங்க, கலையரசி. பெரிய சைரன் ஒண்ணு வாங்கி மாட்டலாமா?"

"சார், இப்பவே அதுதான் பேஜாரு. ஓயாம கத்திக்கினு இருக்கிறத எவன் சார் காதுல வாங்குவான்? கத்தறதக் கொறைக்கணும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

கொடுத்தார். தொட்டி போய்விட்டால் அந்த ஊர்க்காரர்கள் பாலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். வழியிலேயே புளித்துவிடும்.

விழுப்புரத்தில் அந்த மென்பொருளை எழுதிக்கொடுத்தவன் அரிபிரசாத். அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் சேத்து ஒரே மெசேஜா அனுப்பணும், அவ்ளோதானேக்கா? ஜல்தியா முடிச்சிரலாம்."

"மூட்டையா கட்டிக் குடுத்தா அவன் எங்கப்பா பிரிப்பான்? அவன் செய்ய வேண்டியது மட்டும் வரணும். போன கரண்டு வந்துட்டா அதப் பத்திப் பேச்சே வேணாம். ஒரே கோளாறு ஏழு தபா வந்தா ஒரே வரி, ஏழு தபான்னு போடு. எதச் செய்யணும், எப்பலருந்து அப்பிடி இருக்குது, அதுவும் வேணும்."

"காலையில ஆறு மணிக்கு அனுப்பிரவா?"

"அப்ப அவன் கையெல்லாம் பாலு. ஊத்தி முடிச்சு, கழுவிட்டு, டீ குடிக்கிற நேரத்துல அனுப்பு. சாயந்திரமும் அப்பிடியே."

"நடுவுல மோட்டார் நின்னா? அதுவரைக்கும் காத்துக்கினு இருக்குமா?"

கலையரசி அவனை மெச்சிக்கொண்டாள். பால் இருக்கும்போது கலக்கும் மோட்டார் நின்றால், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டால், பால் விழுந்து மூன்று மணி நேரம் ஆகியும் சூடு இறங்காவிட்டால், இந்த மூன்றும் காலை, மாலைச் செய்திக்காகக் காத்திருக்கக் கூடாது; உடனே போன் மணி அடிக்க வேண்டும், எடுக்காவிட்டால் அவளுக்கு அடிக்க வேண்டும் என்று முடிவானது.

அடுத்த வாரமே வீடு அமைதியாகிவிட்டது. முருகையன் இரண்டு முறை அவள் கைபேசியை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். வேணுவின் கைபேசி அரிசி டப்பாவிலிருந்து சட்டைப்பைக்கு வந்தது. மற்ற ஊர்க்காரர்களும் டீக்கடையில் செய்தியைப் படித்துவிட்டே டம்ளரை வைத்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பார்த்தாச்சு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் வரி போய்விடும்.

ஒரு மாலை கலையரசி வேணுவின் தொட்டிக்குப் போயிருந்தாள். வெள்ளையம்மாள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர் ஒருமுறை முக்கி நின்றது. மறுபடி முக்கியது. மூன்றாவது முறைதான் பிடித்தது.

கலையரசி கைபேசியை எடுத்துக் காலைச் செய்தியைப் பார்த்தாள். இந்த ஊருக்கு நேராக 'செய்ய வேண்டியது எதுவும் இல்லை' என்றிருந்தது.

"வேணு, ஜெனரேட்டர் பேட்டரி வீக்குன்னு உனக்கு வரல?"

"வந்துச்சேக்கா. போன வாரமே."

"அப்புறம்?"

"பாத்தேன். பார்த்தாச்சுன்னு அமுக்கிட்டேன். மெக்கானிக்கு இந்தப் பக்கம் வந்தா சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அது வரவேயில்ல, நானும் மறந்துட்டேன்."

"பாத்தா சரியாயிடுமாடா?"

"பொத்தான்ல அப்பிடித்தானக்கா போட்டிருக்குது?"

வெள்ளையம்மாள் வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். "எங்க ஊட்டுக்காரருகூட இப்பிடித்தான். கூர ஒழுவுதுன்னு சொன்னா, பாத்துட்டேன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாரு."

கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. வேணுவைத் திட்ட வாய் வரவில்லை. பொத்தான் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். அங்கேயே நின்று அரிபிரசாத்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அமுக்குனா வரி போகக் கூடாது. பேட்டரி ஏறிடுச்சுன்னு கருவி சொல்ற வரைக்கும் தினமும் வரணும். பார்த்தாச்சு, இன்னும் சரியாகல, எத்தினி நாளுன்னும் போடு. ரெண்டு நாளுக்கு மேல போனா என் செய்தியில முதல் வரியா வரட்டும்."

மறுநாள் காலை மற்ற ஊர்களிலிருந்தும் இப்படி அமுங்கிக் கிடந்த கோளாறுகள் மேலே வந்தன. கலையரசி ஊர் ஊராகப் போய் ஒவ்வொன்றாக முடித்தாள். வேணு மெக்கானிக்குக்குக் காத்திருக்கவில்லை. பைக்கில் திண்டிவனம் போய்ப் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகல் முழுவதும் காற்றும் மழையும். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கலையரசி அலுவலகத்தில் கைபேசியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அடிக்கவில்லை. தாங்க முடியாமல் பக்கத்து மேசைப் பெண்ணின் போனிலிருந்து தன் எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அடித்தது. இருந்தும் மனம் கேட்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வேணுவின் ஊருக்கே கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. டேங்கர் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கலையரசி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். நான்கு டிகிரி. அப்போதுதான் மாலைச் செய்தி வந்தது. வேணு உரக்கப் படித்தான்:

"கரண்ட் ஒன்பது முறை போனது. ஜெனரேட்டர் ஒன்பது முறையும் ஓடியது. டீசல் குறைவு, நாளைக்குள் ஊற்றவும். வேறு எதுவும் இல்லை."

"அம்மாடி, பகல் பூரா நடந்தது இத்தினியூண்டு கதையா?" என்றாள் வெள்ளையம்மாள். "அதுக்கா நீ மழையில நனஞ்சிக்கினு ஓடியாந்த?"

"சத்தமே இல்லியேக்கா, பயந்துட்டேன்."

"சத்தம் போட்டாலும் திட்டுற, போடாட்டியும் பயப்படுற. உன்னோட குடும்பம் நடத்துற மனுசன் பாவம்."

வேணு டீசல் கேனை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான். கலையரசி கைபேசியைப் பையில் போட்டு மூடிவிட்டு, மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையம்மாளிடம் நீட்டினாள். இருவரும் டேங்கர் திரும்புவதைப் பார்த்தபடி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.