பதிமூன்று மார்க் வாங்கிய குறட்டை

என் வீட்டுக்காரருக்கு நிம்மதியான தூக்கம் என்று மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அவர் விடும் குறட்டை அப்படி. நடுவில் திடீரென்று அடங்கும். "அப்பாடா, ஓய்ஞ்சுது" என்று நான் திரும்பிப் படுப்பேன். கண் அசருவதற்குள் விக்கல் மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி கிளம்பிவிடும்.

தொழில், கம்பெனி பஸ் ஓட்டுவது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் வரை வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். சிக்னலில் தூங்கி வழிகிறார் என்று யாரோ மேலே போட்டுக் கொடுக்க, தூக்கப் பரிசோதனை செய்து டாக்டர் சரி என்றால்தான் இனி வண்டி என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஸ்டியரிங் இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் என் தம்பி வந்து சேர்ந்தான். அதே கம்பெனியில் இன்னொரு பஸ் ஓட்டுபவன். எந்தப் பரீட்சைக்கும் குறுக்கு வழி வைத்திருக்கும் அறிவாளி.

"மாமே, சிம்பிள். மல்லாக்கப் படுத்தாதான் கொறட்ட. ஒருக்களிச்சுப் படுத்துக்கோ, பாஸ் ஆயிடுவ."

"டேய், அது இன்னா லைசென்ஸ் டெஸ்ட்டா, எட்டுப் போட்டுக் காட்டறதுக்கு?" என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் காப்பி போட எழுந்து போனேன்.

ஒரு ராத்திரி லேபில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டு வந்தார். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைத் தம்பி வாசித்தான். மணிக்குப் பதிமூன்று தடவை மூச்சுத் தடை, லேசான பாதிப்பு. சராசரி ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து.

"தொண்ணூத்தஞ்சு மாமே! பத்தாவதுல நீ மொத்தமாவே இவ்ளோ வாங்கல!"

அம்பத்தூர் கிளினிக்குக்கு மூவரும் மாப்பிள்ளை பார்க்கப் போவது போலக் கிளம்பினோம். டாக்டரம்மா முதல் பக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கடைசியில் இருந்த படத்தை விரித்தார்.

"மேல படிக்கட்டு மாதிரி இருக்குல்ல, அது தூக்கம். இங்க முழிப்பு, இங்க கனவு வர்ற தூக்கம், கீழ ஆழ்ந்த தூக்கம். அதுக்கடியில குட்டிக் குட்டிக் கோடெல்லாம் மூச்சு நின்ன இடம். அடுத்தது ஆக்சிஜன். கடைசி வரி, எந்தப் பக்கம் படுத்திருந்தீங்கன்னு."

கடைசி வரியைக் கேட்டதும் தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"ராத்திரி முக்காவாசி ஒரே பக்கமா படுத்திருக்கீங்க. யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

தம்பி ஃபேனைப் பார்த்தான். என்ன அழகான ஃபேன்!

டாக்டரம்மா விரல் வலது ஓரத்துக்கு நகர்ந்தது. "விடியற நேரத்துல மறந்து மல்லாந்துட்டீங்க. அப்பவே கனவுத் தூக்கமும் வந்திருக்கு. அதுல உடம்பு தளர்ந்திடும், தொண்டையும் தளரும். இங்க பாருங்க."

அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. அதுவரை அங்கொன்று இங்கொன்றாக இருந்த கோடுகள் அந்த இடத்தில் சீப்புப் பல்லாக நெருங்கி நின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் சற்றுத் தள்ளி ஆக்சிஜன் விழுந்து எழுந்தது. ஒரு இடத்தில் எழுபத்தொன்று வரை.

"பதிமூணுங்கறது முழு ராத்திரிக்கான சராசரி. நல்லா இருந்த நேரமெல்லாம் சேர்ந்து இதை மறைச்சிருச்சு. வீட்ல எப்படிப் படுப்பார்?"

"மல்லாக்கத்தான்," என்றேன். "தெனமும்."

"அப்ப வீட்ல இதைவிட மோசம்தான். இதுல மூச்சு ரொம்ப நேரம் நின்னது ஐம்பத்திரண்டு செகண்ட்."

"அவ்ளோதானா மேடம்?" என்றான் தம்பி. கொழுப்பு.

"மூச்ச வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்திப் பாருங்க," என்றார் அவர், சுவர்க் கடிகாரத்தைக் காட்டி.

நிறுத்தினான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு போயிற்று. முகம் கருத்து, வாயைப் பிளந்து காற்றை அள்ளினான். செகண்ட் முள் பாதிச் சுற்றுகூடச் சுற்றவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "வண்டி எடுக்கலாமா மேடம்?"

"தூங்கும்போது மூச்சு நிக்காம காத்து உள்ள தள்ற மாஸ்க் மிஷின் வெச்சுப் பழகி, பகல் தூக்கம் நின்னப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் வேண்டாம்."

"மாமா," என்றான் தம்பி. மாமே இல்லை, மாமா. "மெஷின நானே வந்து மாட்டி உடறேன். வண்டிய பத்தி கவலப்படாத."

வீட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே அவர் தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிவிட்டார். குறட்டை ஏறியது. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்தாள். திடீரென்று அடங்கியது.

"அப்பாடா," என்றாள் அவள்.

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், மூச்சு உடுய்யா!"