உடையாத காலுக்குப் பயிற்சி

காஜா பேராங் ஊர் மளிகைக்கடைக்காரர் ஷரீஃபுதீனுக்கு இடது காலில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஜெயாவோ, வலது காலில் கனமான மணல்மூட்டையைக் கட்டித் தூக்கச் சொன்னாள்.

“உடைஞ்சது இது. நல்ல காலைப் போட்டு வதைக்கிறியே, மிஸ்ஸி!”

“ரெண்டு காலுக்கும் மூளை ஒண்ணுதான், பாய். வலதைத் தூக்கப் பழகினா, இடதுக்கும் பலம் குறையாது.”

வரும்போதெல்லாம் இதே வழக்கு. ஜெயாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

கட்டைப் பிரித்தபோது இடது தொடை மெலிந்திருந்தது. ஆனாலும் காலை நீட்டி, அவள் எதிர்பார்த்ததைவிடத் திடமாகத் தூக்கினார்.

“சதை கரைஞ்சாலும் பலம் நிக்குது, பாத்தீங்களா?”

“எல்லாம் மரியம் வச்ச, காயம் ஆத்துற விரால்மீன் சூப்பு!”

ஜெயா தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற மனைவி மரியம் சீறினாள்: “விராலா? சந்தையில கிடைக்கவே இல்ல. நீங்க சப்புக்கொட்டிக் குடிச்சது கெளுத்தி!”