ஆறு சதவீதத்துக்கு மிகாமல்

திருப்பதியில் நூற்றிருபது வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மெண்ட். அதன் துப்புரவு கான்ட்ராக்டர் வெங்கடலட்சுமி. விஜயபுரத்தில் கூலிக்குக் கடலை பிடுங்கிய வீட்டில் பிறந்தவள். இதே படிக்கட்டுகளை ஒன்பது வருஷம் துடைத்துவிட்டு, 2022 அக்டோபரில் மூன்று வருஷ ஒப்பந்தத்தைத் தன் பெயரிலேயே எடுத்தாள். தினமும் பன்னிரண்டு பேர் வேலையில் நிற்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் அசோசியேஷன் பில்லில் பிடித்துக்கொள்ளும்.

விலைவாசி ஏறினால் என்ன செய்வது என்பதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. முதல் வருஷம் முடிந்ததும் அவள் கேட்டாள். மாத பில் ஆறு சதவீதம் கூடியது. அவளும் தன் பெண்களுக்கு அப்படியே ஆறு சதவீதம் கூட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளைப் பொறுத்தவரை அந்த விதிக்குப் பெயரே ஆறு சதவீதம்தான். மேலே கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்தது?

2024 செப்டம்பர் முதல் வாரத்திலேயே வேலைக்காரப் பெண்களைக் கூட்டி, "அடுத்த மாசத்துலேர்ந்து மறுபடி ஆறு" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போய், போன வருஷக் கடிதத்தைக் கொடுத்து, தேதியை மட்டும் மாற்றி அடிக்கச் சொன்னாள். வருஷா வருஷம் ஒரே கடிதம், செலவு பத்து ரூபாய். கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அசோசியேஷன் பொருளாளர் கோவர்த்தனன் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், புத்தூர்க்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்தார்.

"ஆறு எங்கம்மா இருக்குது? கவர்மெண்டு போடற தொழிலாளர் விலைவாசிக் குறியீடு போன ஜூலைலேர்ந்து இந்த ஜூலைக்கு எத்தினி பர்சென்ட் ஏறிச்சோ, அத்தினிதான். ஆறுக்கு மிகாமன்னு போட்டுக்குது. ஆறு தரணும்னு போடல."

"போன வருசம் குட்த்தீங்களே சார்?"

"போன வருசம் ஜூலைல தக்காளி இன்னா வெல?"

"அய்ய, அத்த கேக்காதீங்க. நூத்தம்பது, எரநூறு."

"அந்தத் தக்காளிதான் உனுக்கு ஆறு வாங்கிக் குட்த்துச்சு. குறியீடு நூத்தி முப்பதுகிட்ட இருந்தது நூத்தி நாப்பதுகிட்ட போச்சு. ஏழரை பர்சென்ட். ஆறோட நிறுத்தினோம். இந்த ஜூலைல தக்காளி எறங்கிடுச்சி. நூத்தி முப்பத்தொம்போது புள்ளி ஏழுலேர்ந்து நூத்தி நாப்பத்திரெண்டு புள்ளி ஏழுதான். ரெண்டு சொச்சம்."

வெங்கடலட்சுமி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அப்போ போன வருசம் மிச்சமான ஒன்றரை பர்சென்ட்டாவது சேத்துத் தாங்க சார்!"

"ஆறைத் தாண்டுனது போனதுதான். அடுத்த வருசத்துக்குச் சேராது. நான் சட்டம் பேசலம்மா, நீ கையெழுத்துப் போட்டது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எண்ணெய் ஏறியிருக்கிறது, வாடகை ஏறியிருக்கிறது, பஸ் டிக்கெட் ஏறியிருக்கிறது; எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டுதானாம்! எந்த ஊர்க் கணக்கோ இது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

கீழே சுமித்ரா நின்றிருந்தாள். பி பிளாக் துடைப்பவள்.

"அக்கா, தடா ஊரு ஃபேக்டரிலேர்ந்து போன் பண்ணாங்க. நம்மகூட வேல செஞ்ச ரூபா சேந்தாளே, அதே கம்பெனி. நீ ஆறு தர்றன்னு சொன்னியேன்னு, வரலன்னுட்டேன். நல்லதுதானே?"

ரூபா வேலையை விட்டுப் போய் நான்கு நாள்தான் ஆகிறது. அவள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இப்போது இவளிடம் போய் ஆறு இல்லை, இரண்டுதான் என்றால்? மீதியைத் தன் கையிலிருந்து போட்டாலும் மாதம் வெங்கடலட்சுமிக்கு நிற்பதில் பாதி போய்விடும். மகள் தரணியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் அதில்தான் இருக்கிறது. ஆனாலும், சொன்ன சொல்லை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது?

"நல்லதுதான், போ. வேலையப் பாரு" என்றாள்.

அக்டோபர் முதல் தேதி காலை. நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய கோவர்த்தனன் சி பிளாக் மூன்றாவது மாடிப் படியில் திடுக்கிட்டு நின்றார். சீருடை போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, குனிந்து படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கான்ட்ராக்டரம்மா.

"இன்னாம்மா இது? நீ இன்னா இங்க?"

"பன்னெண்டு பேர் நிக்கணும்னு எழுதிக்குது இல்ல சார்? பதினொரு பேருக்கு ஆறு குட்த்துட்டேன்" என்றாள் அவள், நிமிராமலே. "பன்னெண்டாவது ஆளுக்குச் சம்பளம் இல்ல. கொஞ்சம் ஒதுங்கிப் போங்க, ஈரம்."