'மைனர்' என்று மாற்றியவள்

ஊரிகம் என்ற ஊரிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் போகிற அமலா, ஆஸ்பத்திரி மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால் அலர்ஜிக் குறிப்பு ஆள் மாறிப்போவதைக் கண்டுபிடித்தாள். ஆபத்தின் அளவைச் சொல்லும் சிவியாரிட்டியில் 'கிரிட்டிகல்' என்று பதிந்தாள்.

"அபூர்வமா வர்றதுதானே, 'மைனர்'னு மாத்தும்மா," என்றார் மேனேஜர் பவன்.

"எப்போ சரிபண்றதுன்ற பிரியாரிட்டி உங்களுது சார், கடைசியில கூட தள்ளுங்க. ஆபத்து நான் கண்ணால பாத்தது. அதுல இன்னாத்துக்குக் கை வைக்கிறீங்க?"

"கிரிட்டிகல்னு இருந்தா சாஃப்ட்வேர் ரிலீஸ் நிக்கும்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாழாய்ப்போன அவசரத்தில் மாற்றிவிட்டு ஓடினாள்.

மூன்றாம் மாதம் ஒரு ரத்தினம்மாவுக்கு இன்னொரு ரத்தினம்மாவின் குறிப்பைப் பார்த்து ஊசி போட்டார்கள். அவள் பிழைக்கவில்லை.

விசாரணையில் பதிவைத் திறந்தார்கள். 'மைனர்' என்பதற்குப் பக்கத்தில் அமலாவின் பெயர் மட்டுமே இருந்தது.